ரிப்போர்ட் வரும் வரை: காத்திருக்கும் பாத்திரத்தின் மனப்பேச்சை எழுதுவது எப்படி

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுத ஆரம்பித்தால் முதல் பத்தி தானாக வந்துவிடும். பயம், உள்ளங்கை வேர்வை, சுவர்க் கடிகாரம், பினாயில் வாடை. இரண்டாவது பத்தியில் பயம் கொஞ்சம் கூடும். மூன்றாவதிலும் அதே பயம்தான் இருக்கும். நாலாவதுக்கு வரும்போது எழுதுகிறவருக்கே கை ஓய்ந்துவிடும். நான் இப்படி எழுதிய முதல் கதை 7 பக்கம். படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்கே டீ குடிக்கப் போயிட்டேன்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அவர் எழுந்து போனதற்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்பாவின் ரிப்போர்ட்டுக்காக ஒரு நாள் நானே காத்திருக்க வேண்டி வந்தது. கவுண்டரில் சணல் கயிற்றில் கட்டிப் போட்டிருந்த பேனா எழுதவில்லை. அந்தப் பேனா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஐந்து ரூபாய்ப் பேனா வாங்கி வைக்கத் துப்பில்லையா, மை தீர்ந்ததைக் கயிறு கட்டிக் காவல் காக்கிறார்களே என்று அரை மணி நேரம் மனதுக்குள் சண்டை போட்டேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பேனாச் சண்டை இல்லை என்று தெரிந்தது.

காத்திருப்பவரின் மனம் நோயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்காது. பக்கத்தில் இருக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு, நோய் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டும். அந்த முதுகை எழுதத் தெரிந்தால் போதும், மனப்பேச்சு நிஜமாகவும் இருக்கும், படிக்கவும் முடியும். ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

மல்லிகா, வயது 44, திண்டுக்கல்லில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும். ஒரு நாள் அதைக் கழற்றும்போது வலது பக்கம் நெறி கட்டியிருப்பது கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஒரு மாதமாகியும் கரையவில்லை. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் தெளிவாக எதுவும் தெரியாததால், கழுத்தில் சின்னதாகக் கீறி அந்தக் கட்டியையே எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். இன்று ரிப்போர்ட். காலேஜில் படிக்கும் மகள் சுதா கூட வந்திருக்கிறாள்.

முதலில் டெஸ்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த டெஸ்ட், எத்தனை நாள் ஆகும், யார் கையில் கொடுப்பார்கள், யார் படித்துச் சொல்வார்கள் என்பதெல்லாம் தெரியாமல் எழுதினால் பயம் காற்றில் தொங்கும். வெறும் "டெஸ்ட் ரிசல்ட்" என்பதற்காக யாரும் பயப்படுவதில்லை.

மல்லிகாவின் கதையில் நடப்பது இதுதான். எடுத்த கட்டியை ஃபார்மலின் என்ற மருந்து ஊற்றிய பாட்டிலில் போடுவார்கள். சதை கெட்டுப்போகாமல் அது இறுக்கி வைக்கும். லேபில் அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். இதற்குச் சாதாரணமாகச் சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை பிடிக்கும். கூடுதல் சாயம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் இன்னும் சில நாள் தள்ளும். கழுத்து நெறிக்கு நம் நாட்டில் காசநோயும் ஒரு பெரிய காரணம் என்பதால், அந்தச் சதையிலேயே ஒரு துண்டை உப்புத் தண்ணீர் பாட்டிலில் தனியாக அனுப்புவதும் உண்டு. ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே இரண்டு பாட்டில். சில இடங்களில் அந்தப் பாட்டில்களை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் கூட வந்தவர் தலையிலேயே விழும். தன் அம்மாவின் கழுத்துச் சதையைக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கும் மகளை யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்தே கற்பனை பண்ணி எழுதுகிறவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

தெரிந்துகொண்டதை நோட்டில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். உண்மை என்ன, பாத்திரத்துக்குத் தெரிந்தது என்ன, பாத்திரம் தப்பாக நம்புவது என்ன. மல்லிகாவுக்கு இரண்டு பாட்டில் என்பது தெரியும், ஏன் இரண்டு என்பது அரைகுறையாகத்தான் தெரியும். சொன்ன நாளுக்கு ரிப்போர்ட் வராவிட்டால் ஏதோ கெட்டது என்று நம்புகிறாள். கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்று யாரோ சொன்னதும் மனசில் கிடக்கிறது. இரண்டும் தப்பு. ஆனால் அவள் மனப்பேச்சு இரண்டாம், மூன்றாம் பத்திகளிலிருந்துதான் வர வேண்டும். முதல் பத்தி உங்களுக்கு மட்டும். மெழுகு, சீவல், சாயம் எல்லாம் அவள் தலைக்குள் வந்துவிட்டால் பேசுவது மல்லிகா இல்லை, நீங்கள். படித்துத் தெரிந்துகொண்டதைக் கதைக்குள் கொட்டாமல் இருப்பது கஷ்டம்தான், எனக்கு இன்றும் கை அரிக்கும்.

ஒன்று கவனித்தீர்களா? மல்லிகாவுக்கு வரக்கூடிய விடைகளில் காசநோய்தான் நல்ல விடை. ஆறு மாத மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், குணமாகிவிடும். இன்னொரு பக்கம் இருப்பது புற்றுநோய். ஆகவே ஒரு நோய் வர வேண்டும் என்று அவள் சாமியை வேண்டிக்கொள்வாள். டெஸ்டைச் சரியாகத் தெரிந்துகொண்டதால் கிடைத்தது இது. "ஒன்றும் இருக்கக் கூடாது கடவுளே" என்ற பொது வேண்டுதலைவிட இது எத்தனை மடங்கு மனுஷத்தனமானது!

ஒரு வாரத்தையும் எழுதாதீர்கள்

காத்திருத்தலை அளந்து பார்த்த உளவியலாளர்கள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த கேட் ஸ்வீனியும் அவரோடு வேலை செய்தவர்களும், வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நாலு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தவர்களை இடையிடையே விசாரித்தார்கள். கவலை நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகவில்லை. தொடக்கத்தில் அதிகமாக இருந்து, நடுவில் தணிந்து, முடிவு வரும் நேரத்தில் மறுபடி ஏறியது. அந்தக் கடைசிக் கட்டத்தில் மனிதர்கள் நம்பிக்கையையும் குறைத்துக்கொள்கிறார்கள். நல்லது வரும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கூட, கவர் கைக்கு வரப்போகும் நேரத்தில் கெட்டதுக்குத் தயாராகிவிடுகிறார். ஏமாந்து நிற்கக் கூடாது என்று மனம் முன்கூட்டியே பாயை விரித்து வைக்கிறது.

இது உங்களுக்குக் கதையின் உருவத்தையே கொடுத்துவிடுகிறது. நடு நாட்களில் மல்லிகா ஜாக்கெட் தைத்தாள், சீரியல் பார்த்தாள், மறந்தும் இருந்தாள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். பக்கம் ஒதுக்க வேண்டியது கடைசி இருபது நிமிஷத்துக்கு. அதற்குள் ஒரு நகர்வும் இருக்க வேண்டும். "டிபியாத்தான் இருக்கும்" என்று ஆரம்பிப்பவள், தன்னை அறியாமலே, தான் இல்லாத வீட்டை ஏற்பாடு செய்யும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த நகர்வு இல்லாவிட்டால் வாசகர் ஒரே இடத்தில் சுற்றுவார்.

மூன்று இழை போதும்

நிஜ மனசில் ஒரே நேரத்தில் நூறு விஷயம் ஓடும். அப்படியே எழுதினால் படிக்க முடியாது. மூன்று இழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கண் முன்னால் நடப்பது: டோக்கன் கூப்பிடும் குரல், எதிர் பெஞ்சு ஆள். இரண்டு, பாதியில் நிற்கும் ஒரு வேலை: மல்லிகாவுக்குப் புதன்கிழமை கொடுக்க வேண்டிய கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட். மூன்று, அவள் நினைக்க விரும்பாத அது. மூன்றாவது இழை மிகக் குறைவாகத்தான் மேலே தெரிய வேண்டும். முதல் இரண்டும்தான் பக்கத்தை நிரப்பும்.

ஒரு இழையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வாசகர் வழுக்கி விழக் கூடாது. "திடீரென்று அவளுக்கு நினைவுக்கு வந்தது" என்பது வேலைக்காகாத பாலம். ஒரு சொல், ஒரு பொருள், உடம்பில் ஒரு தொடுகை, இவைதான் மனம் தாவும் கற்கள். மல்லிகாவுக்கு அந்தச் சொல்லைத் தொழிலே கொடுத்திருக்கிறது: கழுத்து. ஜாக்கெட்டுக்கும் கழுத்து, அவளுக்கும் கழுத்து. உங்கள் பாத்திரம் மெக்கானிக் என்றாலும் வாத்தியார் என்றாலும் அவர் தொழிலில் இப்படி இரண்டு பக்கமும் பொருந்தும் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை பயன்படுத்துங்கள். அதற்கு மேல் போனால் உங்கள் சாமர்த்தியம் மட்டும்தான் கண்ணில் படும்.

மனசு எந்தத் தமிழில் பேசும்?

தமிழில் எழுதுகிறவருக்குப் பெரிய சிக்கலும் இதுதான், பெரிய வசதியும் இதுதான். புதிதாக எழுதுபவர்களின் கதையில் அடிக்கடி பார்ப்பது இது:

"மல்லிகாவின் மனம் புயலில் சிக்கிய படகாய்த் தத்தளித்தது. 'எனக்குப் புற்றுநோய் என்று வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? என் மகளின் எதிர்காலம் என்னவாகும்?' என்று அவள் நினைத்தாள்."

மல்லிகா தனக்குள் "என் மகளின் எதிர்காலம்" என்று பேசுவாளா? மேடையில்கூடப் பேச மாட்டாள். அவளுக்குச் சுதா சுதாதான். "எனக்கு", "நான்" என்று அடிக்கடி வருவதும் செயற்கை. தமிழில் வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறது. "கேக்கல" என்றால் யார் கேட்கவில்லை என்பது தெரிகிறது. பயத்தைப் பெயர் சொல்லி, கேள்வியாக வரிசைப்படுத்துவது மனப்பேச்சு ஆகாது, அது பேட்டி.

புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது. கதை சொல்பவருக்கு எழுத்துத் தமிழ், மல்லிகாவின் மனசுக்குப் பேச்சுத் தமிழ். இரண்டையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் மேற்கோள் குறியும் வேண்டாம், "என்று நினைத்தாள்" என்பதும் வேண்டாம். "மல்லிகா சீட்டைப் பார்த்தாள்" என்றால் கதை சொல்பவர். "இன்னும் அஞ்சு பேர்" என்றால் அவள். மொழி மாறுவதே அடையாளம், வாசகர் ஒரு நொடியில் பழகிவிடுவார். பல மொழிகளில் இந்த வித்தியாசத்தைக் காட்டச் சாய்வெழுத்தைத் தேட வேண்டும், நமக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது.

மூன்று சின்ன எச்சரிக்கை மட்டும். பேச்சுத் தமிழை ஒலி ஒலியாகப் பெயர்த்து எழுதாதீர்கள், "இருக்கு", "வந்துட்டா" அளவில் நிறுத்துங்கள். கண் தடுக்கினால் மனசும் தடுக்கும். இரண்டாவது, காலச் சொற்கள். கதை சொல்பவருக்கு "மறுநாள்" என்பது மல்லிகாவின் மனசில் "நாளைக்கு" என்றுதான் ஓடும். "அங்கே" இருப்பது அவளுக்கு "இங்க". இதைக் கலந்துவிட்டால் யார் பேசுகிறார் என்பதே குழம்பும். மூன்றாவது, எண்கள். தலைக்குள் யாருக்கும் 43 என்று ஓடாது, "நாப்பத்தி மூணு" என்றுதான் ஓடும்.

அப்புறம் நோயின் பெயர். "கேன்சர்" என்ற சொல்லை மனசுக்குள்கூடச் சொல்லாதவர்கள் நிறைய. "அந்த வியாதி", "கெட்ட கட்டி", "வேற மாதிரி" என்றுதான் சொல்வார்கள். கதை முழுவதும் அந்தச் சொல்லை எழுதாமலே பாருங்கள். வாசகர் தானாகச் சொல்லிக்கொள்வார்.

எழுதிப் பார்த்தால்

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"முப்பத்தி எட்டு" என்று கவுண்டரிலிருந்து குரல் வந்தது. மல்லிகா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நாப்பத்தி மூணு. இன்னும் அஞ்சு பேர். ஆளுக்கு நாலு நிமிஷம்னு வச்சாலும் இருபது நிமிஷம். இருபது நிமிஷத்துல ஒரு கை வச்சுடலாம். லைனிங் இல்லாத துணின்னா ரெண்டு கையும் வச்சுடலாம்.

எதிர் பெஞ்சில் நீலப் புடவை கட்டிய ஓர் அம்மாள் குனிந்து பையில் எதையோ தேடினாள். தோள்ல தப்பு. அரை இஞ்சு கூட வச்சிருக்காங்க, அதான் இறங்கி இறங்கி வருது. யார் தச்சாங்களோ. பிரிச்சுத்தான் தைக்கணும்.

சுதா போனிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மா, டீ வாங்கிட்டு வரவா?"

"வேணாம். உனக்கு வேணும்னா குடிச்சுட்டு வா."

போயிட்டு வந்தா நல்லது. கூப்பிடுறப்ப இவ இல்லாம இருந்தா நல்லது. அப்ப இங்கிலீஷை யார் படிக்கிறது? இருக்கட்டும். சுதாவும் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமைக்குக் கழுத்து மட்டும்தான் பாக்கி. பானை கழுத்து, எட்டரை இஞ்சு இறக்கம். பொண்ணோட அம்மாவுக்கு அவ்வளவு இறக்கம் பிடிக்கல, பொண்ணு விடல. பைப்பிங் வைக்கிறப்ப துணியை இழுக்கக் கூடாது. இழுத்தா கழுத்து சுருங்கிடும். மல்லிகாவின் கை பிளாஸ்திரி ஒட்டிய இடத்துக்கு ஏறியது. பாதி வழியில் மனசு மாறி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு மடிக்கு இறங்கியது.

"முப்பத்தி ஒம்பது."

ரெண்டு பாட்டில் குடுத்தாங்க. ஒண்ணு மூக்கை எரிக்கிற வாடை. இன்னொண்ணு பச்சத்தண்ணி மாதிரி. தண்ணி பாட்டில் டிபிக்குன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. வாடை பாட்டில் எதுக்குன்னு கேக்கல. டிபியாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு, இன்னைக்கும் சைக்கிள் மிதிக்கிறாரு. ஆத்தா, டிபியா இருக்கட்டும். மாவிளக்கு போடுறேன். டிபி குடுன்னு எவளாவது சாமிகிட்ட கேப்பாளா.

முப்பத்தி ஒன்பதாம் நம்பர்க்காரர் கவரைப் பிரித்துப் படித்து, போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே படியிறங்கினார். இவருக்கு நல்லதா வந்திருச்சு. வரிசையா எல்லாருக்கும் நல்லதாவா வரும்.

அளவு நோட்டை யார்கிட்ட குடுக்கிறது. சுதாவுக்குக் கொக்கி கட்டக்கூட வராது. சாந்திகிட்ட குடுத்தா எல்லாரும் அங்கேயே போயிடுவாங்க. போகட்டும். மெஷினை மட்டும் விக்கக் கூடாது. எண்ணெய் விட்டு வச்சா எத்தனை வருஷம்னாலும் ஓடும்.

நாற்பது வரவில்லை. நாற்பத்தி ஒன்றும் இல்லை. நாற்பத்தி இரண்டு என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

"நாப்பத்தி மூணு. மல்லிகா."

இருபது நிமிஷம் ஆகல. கணக்குத் தப்பு.

இதில் சாவு என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் அளவு நோட்டை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும்போது அவள் செத்துப்போன பிறகு உள்ள வீட்டில்தான் நடக்கிறாள். "டிபியாத்தான் இருக்கும்" என்ற நிலையிலிருந்து அங்கே தள்ளிவிட்டது, சிரித்துக்கொண்டு போன அந்த ஆள். வெளியே நடந்த ஒரு சின்ன விஷயம் உள்ளே ஒரு தர்க்கத்தை உண்டாக்கியது. அந்தத் தர்க்கம் முட்டாள்தனமானது, வரிசைக்கும் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் காத்திருப்பவர்கள் அப்படித்தான் சகுனம் பார்ப்பார்கள். நர்ஸ் சிரித்தாளா, கவர் கனமாக இருக்கிறதா, டாக்டர் மற்றவர்களுக்கு ஆன நேரத்தைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறாரா. உங்கள் பாத்திரம் எதைச் சகுனமாகப் பார்க்கும் என்பதை முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும்.

வாயால் சொல்வதும் மனசால் சொல்வதும் வேறாக இருப்பதையும் பாருங்கள். "உனக்கு வேணும்னா குடிச்சுட்டு வா" என்பது வெளியே அக்கறை, உள்ளே மகளைத் தள்ளி அனுப்பும் ஆசை. கூட ஒருவரை உட்கார வைத்தால் இந்த வசதி கிடைக்கும். தனியாகக் காத்திருக்கும் பாத்திரத்தை எழுதுவது இன்னும் கடினம், முதல் முயற்சியில் வேண்டாம்.

எழுதிய பிறகு சரிபார்க்க

இரண்டு கலர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே நடப்பதற்கு ஒன்று, மனசில் ஓடுவதற்கு ஒன்று என்று அடிக்கோடு போடுங்கள். மனசின் கலர் தொடர்ந்து 7, 8 வரிக்கு மேல் போனால் அங்கேதான் என் நண்பர் டீ குடிக்கப் போவார். ஒரு குரல், ஒரு அசைவு உள்ளே வர வேண்டும். அதுவும் சும்மா நிரப்புவதற்காக வந்தால் தெரிந்துவிடும். மின்விசிறி சுற்றியது, கடிகாரம் துடித்தது என்றெல்லாம் எழுதினால் எந்தக் கதைக்கும் பொருந்தும். மல்லிகா பார்த்த ஜாக்கெட் தோள் மல்லிகாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று புள்ளிகளை எண்ணுங்கள். மனசு தயங்குகிறது என்று காட்ட வரிக்கு வரி புள்ளி வைப்பது நம்மிடம் ஒரு வியாதி. மேலே உள்ள காட்சியில் ஒன்றுகூட இல்லை. தயக்கத்தைச் சின்ன வாக்கியமே காட்டிவிடும். கேள்விக்குறிகளையும் பாருங்கள், இரண்டு கேள்வி அடுத்தடுத்து வந்தால் ஒன்றைச் சாதாரண வாக்கியமாக மாற்றுங்கள்.

உவமைகளைத் தூக்கிவிடுங்கள். பயந்துபோன மனம் உவமை தேடாது. அதைவிட மோசம் பழைய வாழ்க்கையை வரிசையாக ஓட்டிக்காட்டுவது: பிறந்தது, படித்தது, கல்யாணம், குழந்தை. வாசகருக்குத் தகவல் தர வேண்டும் என்ற உங்கள் அவசரம் அது. மல்லிகாவின் புருஷன் எங்கே என்று மேலே உள்ள காட்சியில் சொல்லவேயில்லை. அவன் நினைப்பே அவளுக்கு வராததிலிருந்து சிலருக்குப் புரிந்திருக்கும்.

கடைசியாக வாய்விட்டுப் படியுங்கள், வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொண்டு. மனசின் வரியைப் படிக்கும்போது வாய் மேடைக் குரலுக்கு மாறினால் அந்த வரி பொய்.

கவர் கைக்கு வரும்போது

பேர் கூப்பிட்டதும் மனப்பேச்சை நிறுத்திவிடுங்கள். கவரைப் பிரிக்கும் நேரத்தில் யாரும் தனக்குள் பேசிக்கொள்வதில்லை. கண் மட்டும் வேலை செய்யும். கதை சொல்பவரின் எழுத்துத் தமிழ் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாக: ஸ்டேப்ளர் பின் வரவில்லை. சுதா நகத்தால் நெம்பினாள். முதல் பக்கம் முழுக்கப் பெயரும் வயதும். கண்கள் கீழே ஓடின.

ரிப்போர்ட் உடனே ஆம், இல்லை என்று சொல்லிவிடும் என்று எழுதுவதும் சினிமாத்தனம். பெரும்பாலும் கடைசி வரியில் நீளமான ஒரு மருத்துவச் சொல் இருக்கும். "இப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது, நோயாளியின் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்" என்கிற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கும். கவுண்டரில் கேட்டால் டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். மகள் அந்தச் சொல்லைப் போனில் எழுத்து எழுத்தாகத் தட்டித் தேடுவாள், அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று பக்கத்தில் யாராவது சொல்லட்டும். அந்த இடத்தில் மல்லிகாவின் மனசை ஒரே ஒரு வரிக்கு மறுபடி திறக்கலாம்:

செவ்வாய்க்கிழமைன்னா புதனுக்கு முந்தின நாள். கழுத்தை இன்னைக்கு ராத்திரியே முடிச்சுடணும்.